நெத்தோலி வாடை விடாத டப்பா: எந்த நாற்றத்துக்கு வினிகர், எதற்கு ஆப்பச் சோடா, எதற்கு வெயில்

வாடை அடிக்கும் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்ததும் நம் வீடுகளில் தேடும் முதல் பொருள் ஆப்பச் சோடா. சமையல் சோடா என்று கேட்டாலும் சோடா உப்பு என்று கேட்டாலும் கடையில் அதே வெள்ளைப் பொடியைத்தான் எடுத்துத் தருவார்கள். புளித்துப்போன தயிர்ச்சோற்று வாடையை அது ஒரே இரவில் தீர்த்துவிடும். ஆனால் நெத்தோலியும் சாளையும் கொண்டுபோன டப்பாவில் அதைப் போட்டால் வாடை இறங்காமல் ஏறும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதனால் எந்தப் பொருளைப் போடலாம் என்று தொடங்காமல், மூக்குக்கு எட்டும் வாடை எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் சோதனை: வாடை எந்தப் பாகத்தில் இருக்கிறது?

டப்பாவைக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மூன்று பாகங்களையும் தனித்தனியே முகர்ந்து பாருங்கள்: டப்பா, மூடி, மூடியின் உட்பள்ளத்தில் பதிந்திருக்கும் ரப்பர் வளையம். கிளிப் வைத்துப் பூட்டும் டப்பாக்களில் பெரும்பாலும் குற்றவாளி அந்த வளையம்தான். அது சிலிக்கோன். குழம்பின் எண்ணெயை வாங்கி வைத்துக்கொள்ளும்; அதன் அடியில் உள்ள பள்ளத்துக்குள் நம் நார் போகாது. கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையை வளையத்தின் அடியில் கொடுத்து நெம்பினால் எழுந்து வந்துவிடும். கத்தி வேண்டாம். ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் அடுத்த நாள் பைக்குள் குழம்பு கசியும்.

அடுத்தது சூட்டுச் சோதனை. காலையில் கழுவி வைத்த டப்பாவில் வாடையே இல்லை என்று நினைத்துச் சூடான சோற்றைப் போட்டு அனுப்புவோம். மதியம் திறந்தால் பழைய வாடை நிற்கும். பிளாஸ்டிக்குக்குள் இறங்கியிருக்கும் வாடை சூடு பட்டால்தான் வெளியே வரும் என்பதே காரணம். டப்பாவைக் கவிழ்த்து அடியில் உள்ள முக்கோணக் குறியைப் பாருங்கள். அதில் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன், சூட்டைத் தாங்கும். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றே ஆறிய வெந்நீரை அரை டப்பா ஊற்றி, மூடிப் பத்து நிமிடம் விட்டு, ஆவி முகத்தில் அடிக்காதபடி திறந்து முகருங்கள். எந்த வைத்தியம் செய்தாலும் அது பலித்ததா என்பதை இந்தச் சோதனையில்தான் பார்க்க வேண்டும். ஆறிய வெறும் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முக்கோணத்தில் 1 என்று போட்ட தண்ணீர் பாட்டிலில் மட்டும் வெந்நீர் ஊற்றாதீர்கள், சுருங்கிக் கோணிவிடும்.

அறிகுறி: மீன்வாடை. கழுவினால் போகிறது, சூடு பட்டால் திரும்புகிறது

மீன் தின்னும் மாவட்டத்தில் இருப்பதால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடல்மீனின் தசையில் இயற்கையாக உள்ள ஒரு பொருளை, மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் ட்ரைமெத்திலமின் என்ற பொருளாக மாற்றுகின்றன. மீன்வாடை என்று நாம் சொல்வது பெரும்பகுதி அதுதான். ஆற்றுமீனில் இந்த வாடை குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே. அந்த மூலப்பொருள் கடல்மீனில்தான் அதிகம். ட்ரைமெத்திலமின் காரத்தன்மை உடையது. புளிப்பான எதுவும் அதைச் சந்தித்தால் அதனோடு சேர்ந்து உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, எனவே மூக்குக்கு வராது, தண்ணீரில் கரைந்து போய்விடும். நம் ஊர் மீன்கறியில் புளியோ மாங்காயோ இல்லாமல் சட்டி இறங்குவதில்லை அல்லவா? ருசிக்காகச் செய்யும் அதே காரியத்தைத்தான் டப்பாவுக்கும் செய்ய வேண்டும்.

ஆப்பச் சோடாவோ காரம். காரத்தோடு காரம் சேர்ந்து எதுவும் அடங்காது. அதோடு, கறியின் புளியில் ஏற்கனவே கட்டுண்டு உப்பாகக் கிடந்த ட்ரைமெத்திலமினையும் சோடா அவிழ்த்துவிடும். வாடை ஏறுவது அதனால்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வைத்த நெத்தோலி அவியல் மீதியை மகளுக்குத் திங்கட்கிழமை மதியச் சோற்றோடு கொடுத்துவிட்டேன். அரை லிட்டர் டப்பா, அடியில் 5, நான்கு கிளிப், சாம்பல் நிற வளையம். காலை ஏழு மணிக்குப் பைக்குள் போன டப்பா மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தது. அன்றிரவு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவும் வெந்நீரும் ஊற்றி விடிய விடிய ஊறவைத்தேன். காலையில் வாடை குத்தலாக வந்தது. சோடா போதவில்லை போலும் என்று இன்னொரு கரண்டி போட்டுத் தேய்த்து, அலசி, எலுமிச்சைச் சோறு வைத்து அனுப்பினேன். மாலையில் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, டப்பாவைத் திறந்ததும் பக்கத்து பெஞ்சு திரும்பிப் பார்த்தது. எனக்கு இனி இந்த டப்பா வேண்டாம்" என்றாள். "ஒரு நாள் பொறு மக்களே" என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்து உட்கார்ந்தேன்.

வளையத்தைக் கழற்றியபோது பள்ளத்தில் மஞ்சளாக ஒரு கோடு முழுச்சுற்று ஓடியது. அவியலின் தேங்காயும் எண்ணெயும் சேர்ந்து உறைந்த படிவு அது. மூன்றில் மிக மோசமான வாடை அதில்தான் இருந்தது. அதற்குப் பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதில் வரிசை முக்கியம்.

முதலில் பச்சைத் தண்ணீரில் அலசினேன். தொடக்கத்திலேயே வெந்நீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் மீன்துணுக்கு வெந்து பிடித்துக்கொள்ளும். பள்ளத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் இளஞ்சூடான தண்ணீரும் கொண்டு எண்ணெய்ப் பசையை எடுத்தேன். வாடை எண்ணெய்க்குள் ஒளிந்துகொண்டிருக்கும்வரை வினிகர் அதைத் தொட முடியாது. அதனால்தான் சோப்பு முன்னே, வினிகர் பின்னே. சோப்பை முழுவதும் அலசியதும், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒரு பங்கு இளஞ்சூடான தண்ணீர் கலந்து டப்பாவை விளிம்புவரை நிரப்பினேன். மூடியையும் வளையத்தையும் ஒரு பேசினில் அதே கலவையில் மூழ்க வைத்து, வளையம் மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தேன். ஒரு மணி நேரம். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசல்.

டப்பா அன்றே சரியானது. சூட்டுச் சோதனையில் மெல்லிய வினிகர் வாடை மட்டும் வந்தது. அது திறந்து வைத்தால் ஓரிரவில் போய்விடும். வளையம் மட்டும் அடம்பிடித்தது. அதை மறுநாள் இன்னொரு மணி நேரம் வினிகரில் போட்டு, சனிக்கிழமை வெயிலில் வைத்த பிறகுதான் முழுவதும் விட்டது.

வினிகர் இல்லையென்றால் எலுமிச்சம்பழச் சாறு போதும். அரை லிட்டர் டப்பாவுக்கு இரண்டு பழம் பிழிய வேண்டும். குழம்புக்குக் கரைத்து எடுத்த புளிச்சக்கையையும் வீணாக்க வேண்டாம். அதை வைத்து உட்புறம் முழுக்கத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு அலசலாம். வினிகர் அளவுக்கு வலு இல்லை. ஆனால் டப்பா வீட்டுக்கு வந்த அன்றைக்கே செய்தால் வினிகருக்கு வேலையே இருக்காது.

அறிகுறி: புளித்த வாடை, பழைய தயிர் வாடை

தயிர்ச்சோறு, மோர், புளிசேரி, மூடியபடி மறந்துபோன பழஞ்சோறு இவற்றின் வாடை மீனுக்கு நேர் எதிர். இங்கே வாடை தருபவை அமிலங்கள். வினிகர் போட்டால் புளிப்போடு புளிப்புச் சேரும். ஆப்பச் சோடா போட்டால் அமிலம் உப்பாகி வாடை அடங்கும். கால் லிட்டர் இளஞ்சூடான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா என்ற கணக்கில் கரைத்து, டப்பாவை நிரப்பி, மூடியையும் வளையத்தையும் மூழ்க வைத்து ஓரிரவு விடுங்கள். பெரும்பாலும் ஒரு தடவையே போதும்.

கடையில் பேக்கிங் பவுடர் என்று விற்பது வேறு. அதில் சோடாவோடு ஒரு அமிலமும் மாவும் கலந்திருக்கும், இந்த வேலைக்கு உதவாது. சலவைச் சோடாவும் வேறு. அதன் காரம் கடுமையானது, சாப்பாட்டு டப்பாவுக்கு வேண்டாம்.

புளிசேரி டப்பாவில் சோடா போட்டால் ஒன்றைக் காண்பீர்கள். மஞ்சளாக இருந்த கறை கண்முன்னே செங்கல் நிறமாகச் சிவக்கும். டப்பா கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருளுக்குக் காரம் பட்டால் சிவக்கும் குணம் உண்டு. சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பாவதைப் பார்த்திருக்கிறோமே, அதேதான். அலசி இரண்டு சொட்டு வினிகர் விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளையும் போக்க வேண்டுமென்றால் எதையும் தேய்க்க வேண்டியதில்லை. வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும், அந்த நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது.

அறிகுறி: வாடையோடு பிசுபிசுப்பு

தேங்காயெண்ணெயில் பொரித்ததும் தாளித்ததும் தினமும் போகும் டப்பாவில், சில மாதங்களில் ஒரு சிக்கு வாடை குடியேறும். ஈரமான உட்புறத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கிரீச் என்று ஒலித்தால் சுத்தம். சத்தமில்லாமல் வழுக்கினால் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் பாலிபுரோப்பிலீனும் ஒரே இனம் போல ஒட்டிக்கொள்பவை. எண்ணெய் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும், அங்கேயே கெட்டுப்போகும்.

இங்கே ஊறவைப்பது பலிக்காது. தண்ணீர் படுவதற்கு முன்பே உலர்ந்த தாளால் டப்பாவைத் துடையுங்கள். பாதி எண்ணெய் தாளோடு போகும். பிறகு சோப்பும் தாங்கும் சூட்டில் வெந்நீரும். அதன் பின் மூன்று கரண்டி ஆப்பச் சோடாவுக்கு ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் குழைத்து, மெல்லிய துணியால் தேய்த்து, அரை மணி நேரம் அப்படியே விட்டுக் கழுவுங்கள். கம்பி நார் தொடவே கூடாது. அது போடும் ஒவ்வொரு கீறலும் அடுத்த குழம்பின் எண்ணெய்க்கு வீடு.

அறிகுறி: பூண்டு, வெங்காயம், காயம்

இவற்றின் வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. அவை புளிப்புக்கும் கட்டுப்படாது, காரத்துக்கும் கட்டுப்படாது. வினிகரையும் சோடாவையும் வீணாக்க வேண்டாம். இதற்கு வெயிலும் காற்றும்தான்.

வெயிலில் வைப்பதிலும் முறை இருக்கிறது. மூடி, வளையம், டப்பா மூன்றையும் பிரித்து, உட்புறம் வெயிலைப் பார்க்கும்படி சுளவில் பரப்பி மாடியில் வையுங்கள். காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று நான்கு மணி நேரம் போதும். சூடு உள்ளே இருக்கும் வாடையை வெளியே தள்ளுகிறது, புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ளதைச் சிதைக்கிறது. கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தால் அந்தக் கதிரின் ஒரு பகுதி தடுக்கப்பட்டுவிடும், வெளியில்தான் வைக்க வேண்டும். நாள்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். அதே கதிர் பிளாஸ்டிக்கையும் சிதைக்கும். கிளிப் வெளிறி ஒருநாள் கையோடு ஒடிந்து வரும். மேலே ஒரு கொசுவலைத் துண்டைப் போட்டு ஓரங்களில் கல் வையுங்கள். மீன் வாடையுள்ள வளையம் என்றால் காகம் தூக்கிக்கொண்டு போய்விடும். எனக்கு ஒரு வளையம் அப்படிப் போனது.

நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வெயிலுக்குக் காத்திருந்தால் வாரங்கள் ஓடும். அப்போது நான் சிரட்டைக்கரியை நம்புகிறேன். எரித்து அணைத்த சிரட்டைக்கரி நான்கைந்து துண்டுகளை ஒரு பருத்தித் துணியில் கட்டி, ஈரமே இல்லாத டப்பாவுக்குள் வைத்து மூடி இரண்டு இரவுகள் விடுங்கள். கரியின் நுண்துளைகள் வாடையைப் பிடித்துக்கொள்ளும். புளிப்பா காரமா என்று அது பார்ப்பதில்லை. மெதுவான வைத்தியம், ஆனால் பூண்டுக்கும் காயத்துக்கும் கேட்கும். டப்பா ஈரமாக இருந்தால் மட்டும் பலிக்காது.

அறிகுறி: தண்ணீர் பாட்டிலில் பூஞ்சை வாடை, மண் வாடை

பாட்டிலின் கதை வேறு. சாப்பாடே போகாத பாட்டிலில் வாடை எங்கிருந்து வருகிறது? உட்சுவரை விரல் எட்டுமட்டும் தடவினால் மெல்லிய வழவழப்புத் தெரியும். நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிய படலம் அது. வாய்வைத்துக் குடிக்கும் பாட்டிலில் அது விரைவில் வரும். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. அவற்றை மூடியின் மரையிலும் வாஷருக்கு அடியிலும் உறிஞ்சுகுழலிலும் தேடுங்கள்.

ஊறவைப்பதற்கு முன் படலத்தை உரசி எடுக்க வேண்டும். நீண்ட பிரஷ் இல்லையென்றால் ஒரு கைப்பிடி பச்சரிசி, இரண்டு சொட்டுச் சோப்பு, கால் பாட்டில் தண்ணீர் போட்டு மூடி இரண்டு நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். கொட்டும்போது தண்ணீர் கலங்கலாக வந்தால் வேலை நடந்திருக்கிறது. தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். அடுத்து ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர், விளிம்புவரை, ஒரு மணி நேரம். கிணற்றுத் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் அதையும் வினிகர் கரைத்துவிடும். அந்தப் படிவின் சொரசொரப்பில்தான் நுண்ணுயிர்ப் படலம் காலூன்றுகிறது. அலசிய பிறகும் வாடை மிச்சமிருந்தால் ஆப்பச் சோடாக் கரைசலை ஓரிரவு நிரப்பி வையுங்கள்.

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகப் போட்டால் பொங்கி நுரைப்பதைப் பார்த்து, அதுதான் வலுவான மருந்து என்று பலர் நம்புகிறார்கள். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது உப்புக் கலந்த தண்ணீர். பொங்கும்போது இடுக்கில் உள்ள அழுக்கு சற்று அசையும், அவ்வளவே பயன். அந்தக் கலவையை ஊற்றி மூடியைத் திருகினால் உள்ளே கட்டும் வாயு மூடியை வெடித்துத் தள்ளும், பிள்ளைகள் கையில் அது ஆபத்து. இன்னொன்றும் கண்டிப்பாக நினைவிருக்க வேண்டும்: கிணற்றுக்குப் போட வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடரை வினிகரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும்.

கழுவிய பாட்டிலைப் பத்து நிமிடம் கவிழ்த்து நீர் வடிந்ததும் நிமிர்த்தி வையுங்கள். கவிழ்த்தபடியே மேசையில் விட்டால் வாய் அடைபட்டு உள்ஈரம் காயாது. மழைக்கால ஈரக்காற்றில் இரண்டே நாளில் மண் வாடை திரும்பும். மூடியைப் போடாமல், பக்கத்தில் தனியாக வையுங்கள்.

எப்போது விட்டுவிட வேண்டும்

சரியான மருந்தை மூன்று முறை கொடுத்தும் சூட்டுச் சோதனையில் வாடை வந்தால், வளையத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பாத்திரக் கடைகளில் தனியாகக் கிடைத்தால் டப்பா தப்பிக்கும். உட்புறம் முழுக்கக் கீறலாகி வெளிறியிருந்தாலும், கழுவியும் கை ஒட்டினாலும், அந்த டப்பாவைச் சாப்பாட்டுக்கு வைக்காதீர்கள். ஆணி, நூல்கண்டு போட்டுவைக்கலாம். கடையில் தண்ணீரோடு வாங்கிய மெல்லிய பாட்டிலுக்கு இந்த வைத்தியம் எதுவும் தேவையில்லை, அது ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது.

மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பினாயில், ரப்பர் பாலுக்கு ஊற்றும் ஆசிட் இவற்றில் எது ஒருமுறை இருந்திருந்தாலும் அந்தப் பாட்டிலைக் கழுவிக் குடிக்க எடுக்கக் கூடாது. வாடை போனாலும் உள்ளே இறங்கியது போயிருக்காது. மூடியில் ஓட்டை போட்டு, பாட்டிலை மிதித்து நசுக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள். தெருவில் போகும் இன்னொருவர் அதை எடுத்துத் தண்ணீர் பிடித்துவிடக் கூடாது.